308-ஆ, 287-ஆ? வாண்ட் ஹாஃப் காரணிக்கு எந்த மதிப்பைப் போடுவது

என்னிடம் வேதியியல் படித்த ஒரு பெண் இப்போது ஒரு மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை பார்க்கிறாள். போன மாதம் ஒரு நாள் ராத்திரி போன் செய்தாள்.

"சார், நார்மல் சலைன் பாட்டில்ல 308 mOsm/L னு அச்சடிச்சிருக்கு. சும்மா பார்ப்போமேன்னு கொஞ்சம் எடுத்து எங்க ஆஸ்மோமீட்டர்ல வச்சேன். 287 காட்டுது. பாட்டில் தப்பா, மெஷின் தப்பா?"

"நீ கணக்குப் போட்டுப் பார்த்தியா?"

"பார்த்தேன் சார். எனக்கும் 308தான் வருது."

"i-க்கு என்ன போட்ட?"

"ரெண்டு. நீங்கதானே சார் சொல்லிக்கொடுத்தீங்க."

சொல்லிக்கொடுத்தது நான்தான், மறுக்க முடியாது. சோடியம் குளோரைடு என்றால் i = 2 என்று இருபது வருஷமாகக் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கிறேன். அந்த 2 எந்த இடத்தில் போதும், எந்த இடத்தில் காலை வாரும் என்று வகுப்பில் நின்று பேச நேரம் கிடைப்பதில்லை. அதை இங்கே எழுதிவிடுகிறேன்.

முதலில் சமன்பாடுகள்:

```
ΔTf = i × Kf × m
π   = i × M × R × T
```

மேலே இருப்பது உறைநிலைத் தாழ்வு. தண்ணீருக்கு Kf மதிப்பு 1.86. அதில் வரும் m மோலாலிட்டி, அதாவது ஒரு கிலோ தண்ணீருக்கு எத்தனை மோல் என்பது. கீழே இருப்பது சவ்வூடு பரவல் அழுத்தம். அதில் வரும் M மோலாரிட்டி, ஒரு லிட்டர் கரைசலுக்கு எத்தனை மோல் என்பது. இரண்டு பண்புகளும் கரைந்திருப்பது என்ன பொருள் என்று பார்ப்பதில்லை, எத்தனை துகள் என்று மட்டும் எண்ணுகின்றன. சர்க்கரையில் ஒரு மோல் போட்டால் ஒரு மோல் துகள்தான். உப்பில் ஒரு மோல் போட்டால் சோடியம் தனி, குளோரைடு தனி. அந்தக் கூடுதல் துகளுக்கான திருத்தம்தான் i, அதாவது வாண்ட் ஹாஃப் காரணி.

இந்த i பிறந்த கதையைத் தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். 1880-களில் வாண்ட் ஹாஃப், கரைசல்களின் அழுத்தத்துக்கு வாயுச் சமன்பாடு போலவே ஒன்றை எழுதினார். சர்க்கரைக்கு அழகாகப் பொருந்தியது. உப்புகளுக்கும் அமிலங்களுக்கும் பொருந்தவில்லை, அளந்த விளைவு கணக்கைவிடக் கிட்டத்தட்ட இரு மடங்கு வந்தது. அதைச் சரிக்கட்ட ஓர் எண்ணால் பெருக்கி, அதற்கு i என்று பெயர் வைத்தார். ஏன் அப்படி என்பதற்கு, உப்பு தண்ணீரில் அயனிகளாகப் பிரிகிறது என்ற விளக்கத்தை 1887-இல் அர்ரீனியஸ் கொடுத்தார். ஆக, i என்பது முதலில் ஆய்வகத்தில் அளந்து பெற்ற விகிதம். அளந்த விளைவை, பிரிகையே இல்லை என்று வைத்துக் கணக்கிட்ட விளைவால் வகுத்தால் வருவது. அதை 2 என்றும் 3 என்றும் முழு எண்ணாக எழுதுவது பின்னால் வந்த வசதி.

இன்றைக்கு i-க்கு மதிப்புப் போட மூன்று வழிகள் இருக்கின்றன. அயனிகளை எண்ணி முழு எண்ணாகப் போடலாம். பிரிகை வீதத்திலிருந்து கணக்கிடலாம். அளந்து வைத்த மதிப்பை எடுத்துக்கொள்ளலாம். சலைன் பாட்டிலையே வைத்துப் பார்ப்போம்.

முதல் வழியில் கணக்கு ஒரு வரியில் முடியும். ஒரு லிட்டரில் 9 கிராம் NaCl. அதை 58.44-ஆல் வகுத்தால் 0.154 மோல். இரண்டால் பெருக்கினால் 0.308 மோல் துகள், அதாவது 308 மில்லி ஆஸ்மோல். பாட்டிலில் இருக்கும் 308 இதுதான். யாரும் அதை அளந்து அச்சடிக்கவில்லை, கணக்குப் போட்டு அச்சடித்திருக்கிறார்கள்.

ஆஸ்மோமீட்டர் செய்வது வேறு வேலை. பெயரில்தான் ஆஸ்மோ. மருத்துவமனைகளில் பெரும்பாலும் இருப்பது உறைநிலையைப் பார்க்கும் வகை. சின்னக் குழாயில் மாதிரியை எடுத்து, உறையாமலேயே உறைநிலைக்குக் கீழே குளிரவைக்கும். பிறகு ஒரு அதிர்வு கொடுக்கும். சட்டென்று பனித்துகள்கள் உருவாகும், உறையும்போது வெளிவரும் வெப்பத்தால் வெப்பநிலை மேலே ஏறி ஓரிடத்தில் சமமாக நிற்கும். அந்த நிற்கும் இடம்தான் உறைநிலை. தாழ்வை 1.86-ஆல் வகுத்து mOsm/kg என்று திரையில் காட்டும். சலைனுக்கு அந்தத் தாழ்வு சுமார் 0.534 டிகிரி. 0.534-ஐ 1.86-ஆல் வகுத்தால் 0.287. இதுதான் அவள் பார்த்த 287.

லிட்டர், கிலோ வித்தியாசம்தான் காரணமோ என்று அவள் கேட்டாள். நல்ல சந்தேகம், அதையும் பார்த்துவிடலாம். ஒரு லிட்டர் சலைனில் இருக்கும் தண்ணீர் சுமார் 996 கிராம். 0.154 மோலை 0.996-ஆல் வகுத்தால் 0.1546 மோலால். இரண்டால் பெருக்கினால் 309. அதாவது அலகு மாற்றத்தால் எண் ஒன்று கூடுகிறதே தவிரக் குறையவில்லை. 309-லிருந்து 287-க்கு இறங்கிய 22-க்கும் பொறுப்பு i மட்டுமே. 287-ஐ 154.6-ஆல் வகுத்தால் சலைனின் உண்மையான i கிடைக்கும்: 1.856.

2-க்கும் 1.856-க்கும் இடையில் ஏழு சதவீதம்தான் வித்தியாசம். அது பெரிதா, சின்னதா? உறைநிலையில் பார்த்தால் 0.575 டிகிரிக்குப் பதில் 0.534. வெறும் 0.04 டிகிரி. பள்ளி ஆய்வகத்து வெப்பமானியில் இதைப் பார்க்கவே முடியாது. அதே சலைனின் சவ்வூடு பரவல் அழுத்தத்தை உடல் வெப்பநிலையில், அதாவது 310 கெல்வினில் பாருங்கள்:

```
i = 2      :  π = 2     × 0.154 × 0.0821 × 310 = 7.84 atm
i = 1.856  :  π = 1.856 × 0.154 × 0.0821 × 310 = 7.27 atm
```

வித்தியாசம் 0.57 வளிமண்டலம். ரத்த அழுத்தம் சொல்கிற அலகில் சொன்னால் சுமார் 430 மில்லிமீட்டர் பாதரசம். இரண்டு கணக்கிலும் பிழை அதே ஏழு சதவீதம்தான், i இரண்டிலும் ஒரே மாதிரி பெருக்கலாக நிற்பதால். ஆனால் ஒன்றில் அது டிகிரியின் கடைசித் தசமத்தில் ஒளிந்துகொள்கிறது, இன்னொன்றில் ரத்த அணுவின் சவ்வை இழுக்கும் அளவுக்கு எழுந்து நிற்கிறது.

எது உண்மை என்று ரத்த அணுவிடமே கேட்கலாம். ரத்த நீர்மத்தின் இயல்பான அளவு 275 முதல் 295 mOsm/kg வரை. சலைன் நிஜமாகவே 308 என்றால் அது ரத்தத்தைவிடச் செறிவு கூடியது, சிவப்பணுக்கள் அதில் கொஞ்சம் சுருங்க வேண்டும். 0.9 சதவீத உப்புக்கரைசலில் அவை சுருங்குவதும் இல்லை, உப்பி வெடிப்பதும் இல்லை. அணு 287-ஐத்தான் உணர்கிறது.

இன்னொரு சாட்சியும் உண்டு. ஆஸ்மோமீட்டரைச் சரிபார்க்கப் பயன்படும் திட்டக் கரைசல்களில் ஒன்று, ஒரு கிலோ தண்ணீரில் 9.463 கிராம் NaCl. i = 2 என்று போட்டால் இதற்கு 324 வரும். அதன் அங்கீகரிக்கப்பட்ட மதிப்போ 300. அதாவது கருவியைச் செய்கிறவர்கள் தொடக்கத்திலேயே 2 என்ற முழு எண்ணைக் கைவிட்டுவிட்டார்கள்.

சரி, இரண்டாவது வழி. பிரிகை வீதம் α தெரிந்தால்,

```
i = 1 + α(n − 1)
```

இதில் n என்பது ஒரு மூலக்கூறு முழுதாகப் பிரிந்தால் கிடைக்கும் அயனிகளின் எண்ணிக்கை. ஒரு மூலக்கூறு பிரியும்போது ஒன்று மறைந்து n துகள் வருகிறது, ஆகவே கூடுவது n − 1. மாணவர்கள் அந்த "− 1"-ஐ விட்டுவிட்டு α × n என்று போட்டுவிடுவார்கள். விடை சரியா என்று பார்க்க எளிய வழி, α = 0 என்று போடுவது. i ஒன்றாக வரவேண்டும். பூச்சியம் வந்தால் வாய்பாடு தப்பு.

இந்த வாய்பாட்டின் சொந்த வீடு வலிமை குறைந்த மின்பகுளிகள். குளோரோ அசிட்டிக் அமிலத்தை எடுத்துக்கொள்வோம். Ka சுமார் 1.4 × 10⁻³, கரைசல் 0.1 மோலால். பிரிந்த அளவு x என்றால் x² / (0.1 − x) = 0.0014. இங்கே கீழே இருக்கும் x-ஐ விட்டுவிட்டுச் சுருக்கமாகப் போட்டால் 0.0118 வரும். இருபடிச் சமன்பாட்டை முழுதாகத் தீர்த்தால் 0.0112. பத்தில் ஒரு பங்குக்கு மேல் பிரிந்திருப்பதால் முழுதாகத் தீர்ப்பதே நல்லது. α = 0.112, i = 1.112, ΔTf = 1.112 × 1.86 × 0.1 = 0.207 டிகிரி.

இதற்கு முதல் வழியைப் பிடித்து, "இரண்டு அயனி, ஆகவே i = 2" என்று போட்டால் 0.372 வரும். எண்பது சதவீதப் பிழை. பிரிகையே இல்லை என்று i = 1 போட்டால் 0.186, பத்து சதவீதப் பிழை. ஆக, வலிமை குறைந்த அமிலத்துக்கு முழு எண் போடத்தான் வேண்டும் என்றால் 1 போடுங்கள், 2 போடாதீர்கள். அசிட்டிக் அமிலத்தில் இது இன்னும் கறாராகத் தெரியும். அதே 0.1 மோலாலில் α வெறும் 0.013. தாழ்வு 0.1860-இலிருந்து 0.1885-க்குப் போகிறது. 0.0025 டிகிரிக்காக ஒரு பக்கக் கணக்குப் போடுவது உங்கள் விருப்பம். தேர்வில் கேட்டால் போட்டுத்தான் ஆகவேண்டும், அது வேறு.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. புத்தகத்தில் கிடைக்கும் Ka பெரும்பாலும் 25 டிகிரிக்கு உரியது. கரைசல் உறைவது பூச்சியத்துக்குப் பக்கத்தில். Ka வெப்பநிலையோடு மாறும். அதனால் உறைநிலைத் தாழ்விலிருந்து α கண்டுபிடித்து, அதிலிருந்து Ka எடுத்து, புத்தகத்து மதிப்போடு ஒப்பிட்டு "கொஞ்சம் தள்ளிப் போகிறதே" என்று வருத்தப்பட வேண்டாம்.

இப்போது வருகிறது எனக்குக் கோபம் வரும் இடம். சலைனின் i = 1.856 என்று சொன்னதும் என் மாணவி உடனே, "அப்ப உப்பு 86 சதவீதம்தான் பிரியுதா சார்?" என்று கேட்டாள். வாய்பாட்டில் n = 2 போட்டால் α = 0.856 வரத்தான் செய்யும். வினாத்தாள்களிலும் "0.1 மோலால் NaCl-இன் i 1.87 எனில் பிரிகை வீதம் காண்க" என்று கேட்கிறார்கள், 87 சதவீதம் என்று எழுதினால் மதிப்பெண்ணும் கிடைக்கிறது. ஆனால் மீதி 13 சதவீதம் NaCl மூலக்கூறாகத் தண்ணீரில் மிதக்கவில்லை. உப்பு முழுதாகவே பிரிந்திருக்கிறது.

அப்புறம் ஏன் 2 வரவில்லை? ஒவ்வொரு சோடியம் அயனியைச் சுற்றியும் சராசரியாகக் குளோரைடுகள் சற்று அதிகமாகக் கூடுகின்றன. ஒவ்வொரு குளோரைடைச் சுற்றியும் சோடியங்கள். இந்த இழுபறியால் அயனிகள் முழுச் சுதந்திரமாக நடந்துகொள்வதில்லை. இரண்டு துகள் இருந்தும் 1.87 துகளின் வேலையைத்தான் செய்கின்றன. அர்ரீனியஸ் காலத்தில் இதை அரைகுறைப் பிரிகை என்றே நினைத்தார்கள். 1923-இல் டிபையும் ஹக்கலும் இந்த அயனி மேகத்தைக் கணக்கில் கொண்டுவந்த பிறகுதான் கதை தெளிவாயிற்று. ஆகவே வலிமை மிகுந்த மின்பகுளிக்கு இரண்டாவது வழியில் வரும் α வெறும் தோற்றம். விடைத்தாளில் எழுதிக்கொள்ளுங்கள், நம்பிவிடாதீர்கள்.

மூன்றாவது வழி, அளந்த i. அட்டவணைகளில் கிடைக்கும். சில இடங்களில் i என்றே இருக்காது, சவ்வூடு பரவல் குணகம் φ என்று கொடுத்திருப்பார்கள். அதை n-ஆல் பெருக்கினால் i. சலைனுக்கு φ சுமார் 0.93, இரண்டால் பெருக்கினால் 1.86. இந்த வழியில் உள்ள ஒரே தொல்லை, மதிப்பு செறிவோடு மாறும் என்பது. இரண்டு உப்புகளை மட்டும் பாருங்கள்:

| மோலாலிட்டி | NaCl | MgSO4 |
|---|---|---|
| 0.001 | 1.97 | 1.82 |
| 0.01 | 1.94 | 1.53 |
| 0.1 | 1.87 | 1.21 |

இரண்டுக்கும் n = 2. முதல் வழியில் இரண்டும் ஒன்றுதான். ஆனால் 0.1 மோலால் மக்னீசியம் சல்பேட்டின் தாழ்வு நிஜத்தில் 0.225 டிகிரி, முழு எண் சொல்வதோ 0.372. உப்பில் ஏழு சதவீதமாக இருந்த பிழை இங்கே அறுபத்தைந்து. காரணம் மின்சுமை. +1-உம் −1-உம் இழுப்பதும் +2-உம் −2-உம் இழுப்பதும் ஒன்றல்ல. மக்னீசியமும் சல்பேட்டும் பல இடங்களில் ஜோடியாகவே ஒட்டிக்கொண்டு ஒரே துகள் போல நகர்கின்றன. இங்கேயாவது "முழுதாகப் பிரியவில்லை" என்று சொல்வதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. நீர்க்க நீர்க்க ஜோடி பிரிந்து, i மெதுவாக 2-ஐ நோக்கி ஏறுகிறது.

இதைவைத்து நான் கடைப்பிடிக்கும் முறை இப்படி. கரைபொருள் வலிமை குறைந்த அமிலமோ காரமோ என்றால் α, வேறு பேச்சே இல்லை. ஒற்றைச் சுமை அயனிகள் கொண்ட உப்பு, செறிவும் 0.01-ஐத் தாண்டவில்லை என்றால் முழு எண். மூன்று சதவீதத்துக்குள் வந்துவிடும். அதே உப்பு 0.1 அளவில் என்றால், விடையை வைத்து என்ன செய்யப்போகிறோம் என்று பார்ப்பேன். எந்தக் கரைசல் முதலில் உறையும் என்று வரிசைப்படுத்த மட்டும் என்றால் முழு எண் போதும். ஓர் எண்ணை நம்பி ஒரு காரியம் செய்யப்போகிறோம் என்றால் அளந்த i. இரட்டைச் சுமை அயனிகள் இருந்தால் எவ்வளவு நீர்த்திருந்தாலும் அட்டவணையைத் திறக்காமல் விடமாட்டேன்.

வரிசைப்படுத்துவதற்கும் முழு எண் எப்போதும் காப்பாற்றும் என்று நினைக்கவேண்டாம். 0.1 மோலால் MgSO4-ஐயும் 0.15 மோலால் குளுக்கோஸையும் எடுத்துக்கொள்ளுங்கள். முழு எண் கணக்கில் 0.2-க்கு 0.15, மக்னீசியம் சல்பேட்தான் அதிகம் தாழ்த்தும். நிஜத்தில் 0.121-க்கு 0.15, குளுக்கோஸ் ஜெயிக்கிறது.

நம்பிக் காரியம் செய்வதற்கு ஓர் உதாரணம் என்றால் ரிங்கர் லாக்டேட். அதன் பாட்டிலில் 273 mOsm/L என்று இருக்கும். சோடியம், பொட்டாசியம், கால்சியம், குளோரைடு, லாக்டேட் எல்லாவற்றையும் எண்ணிக் கூட்டிய முழு எண் கணக்கு அது. 275-க்குப் பக்கத்தில்தானே இருக்கிறது, ரத்தத்துக்குச் சமம் என்றே தோன்றும். ஆஸ்மோமீட்டரில் வைத்தால் 255-ஐ ஒட்டி வரும். ரத்தத்தைவிட நீர்த்த கரைசல். மூளையில் வீக்கம் இருக்கும் நோயாளிக்கு இதை ஏற்றத் தயங்குவதற்கு ஒரு காரணம் இந்த இடைவெளி. பாட்டில் எண்ணை மட்டும் பார்ப்பவருக்கு அந்தத் தயக்கம் புரியாது.

இன்னொரு வகைத் தப்பையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஆய்வகத்துக்காரர்களே செய்கிறார்கள். ஆஸ்மோல் என்ற அலகிலேயே i ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. 287 mOsm/kg என்று கருவி கொடுத்ததை எடுத்து, "உப்பாச்சே" என்று மறுபடி 2-ஆல் பெருக்கி அழுத்தம் கண்டுபிடித்தால் 14 வளிமண்டலத்துக்கு மேல் போய்விடும். மோல் என்றால் i வேண்டும், ஆஸ்மோல் என்றால் வேண்டாம்.

அட்டவணை பார்த்துவிட்டு, "அப்ப i எப்பவும் n-ஐவிடக் குறைவுதான்" என்று முடிவுகட்டிவிட்டால் அதுவும் தப்பு. குல்பி ஐஸ் பானையில் பனிக்கட்டியோடு உப்பைக் கொட்டுவார்கள் இல்லையா, அந்தக் கலவை அதிகபட்சம் இறங்குவது −21.1 டிகிரி வரை. அப்போது உப்பு எடையில் 23.3 சதவீதம், அதாவது ஒரு கிலோ தண்ணீருக்கு 5.2 மோல். 21.1-ஐ 1.86 × 5.2-ஆல் வகுத்தால் i = 2.18. இரண்டு அயனிக்கு 2.18! மூன்றாவது துகள் எங்கிருந்தும் வரவில்லை. அவ்வளவு செறிவில் தண்ணீரில் பெரும்பகுதி அயனிகளைச் சுற்றிக் கட்டுண்டு கிடக்கிறது. உறைவதற்குச் சும்மா இருக்கும் தண்ணீர் குறைவு. போதாததற்கு 1.86 என்ற மாறிலியே நீர்த்த கரைசலுக்காக எழுதியது. 0.1 மோலாலில் அளந்த 1.87-ஐ இங்கே கொண்டுவந்து போட்டால் −18 டிகிரி என்று வரும். அளந்த i என்றாலும், அளந்த செறிவுக்குப் பக்கத்தில்தான் அது செல்லுபடியாகும்.

இதையெல்லாம் சொன்ன பிறகு என் மாணவி விடவில்லை.

"அப்படீன்னா சார், ரத்தத்துக்கு நாங்க போடுற கணக்குல 2 எப்படி சரியா வருது?"

அவள் சொன்னது ஆய்வகங்களில் தினமும் போடும் கணக்கு:

```
2 × Na  +  குளுக்கோஸ் / 18  +  யூரியா / 6
```

சோடியம் லிட்டருக்கு 140 மில்லிமோல், குளுக்கோஸ் டெசிலிட்டருக்கு 90 மில்லிகிராம், யூரியா டெசிலிட்டருக்கு 30 மில்லிகிராம் என்றால் 280 + 5 + 5 = 290. அதே ரத்தத்தை ஆஸ்மோமீட்டரில் வைத்தால் அதுவும் 290-ஐ ஒட்டியே காட்டும். சலைனில் பொய்த்த 2 இங்கே எப்படிப் பலிக்கிறது?

இரண்டு பிழைகள் ஒன்றையொன்று தின்றுவிடுகின்றன. ரத்த நீர்மத்தில் புரதமும் கொழுப்பும் இடம் பிடித்துக்கொள்வதால் தண்ணீர் 93 சதவீதம்தான். நீர்மத்தில் லிட்டருக்கு 140 என்றால், அதிலுள்ள தண்ணீரில் லிட்டருக்கு 140 / 0.93 = 150.5. சோடியமும் அதன் இணை அயனிகளும் சேர்ந்து கொடுக்கும் i, 2 × 0.93. பெருக்கினால் 0.93-ஆல் வகுத்ததும் 0.93-ஆல் பெருக்கியதும் அடித்துக்கொண்டு போய், பழைய 2 × 140 மிச்சம் நிற்கிறது. முழு எண் சரியாக வருவது தற்செயல்.

தற்செயல் என்பதால் அது உடையவும் செய்யும். ரத்தத்தில் கொழுப்பு மிக அதிகமாகி, தண்ணீரின் பங்கு 84 சதவீதமாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். தண்ணீருக்குள் சோடியம் அதே 150.5-தான், எதுவும் மாறவில்லை. ஆனால் மாதிரியை நீர்க்கவைத்து அளக்கும் கருவி மொத்த நீர்மத்தின் கனஅளவை வைத்துக் கணக்கிடுவதால் 126 என்று காட்டும். வாய்பாட்டில் போட்டால் 252 + 10 = 262. சோடியம் ஆபத்தாகக் குறைந்துவிட்டது போல ஒரு பயம். உறையும் பனிக்கட்டிக்குக் கொழுப்பு எவ்வளவு இடம் பிடித்தது என்று தெரியாது, அதற்குத் தண்ணீரும் அதிலுள்ள துகள்களும் மட்டும்தான் கணக்கு. ஆஸ்மோமீட்டர் 290 என்றே சொல்லும்.

"போன வாரம் பால் மாதிரி ஒரு சீரம் வந்துச்சு சார்," என்றாள். "சோடியம் குறைச்சலா இருந்துச்சு. ஆஸ்மோமீட்டர்ல வச்சுப் பார்க்கத் தோணலை. மிச்சம் ஃப்ரிட்ஜ்லதான் இருக்கும், நாளைக்கு வச்சுப் பார்க்கிறேன்."